மூன்று நாள் இலவசம்

பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தவளுக்கு, பிள்ளைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். விளையாட்டுப் பீரியடை எல்லாம் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்றே அவள் வேலையை விட்டாள். விசிலை மட்டும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. நாற்பத்தெட்டு வயதில் பெண்களுக்கென்று ஓர் உடற்பயிற்சிக் கூடம் தொடங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, பஸ் ஓட்டும் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"பொம்பளைங்க வருவாங்களா?"

"வருவாங்க."

"வந்தா நிப்பாங்களா?"

அந்தக் கேள்வியை அவள் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு பூரிப்பு.

இடம் கிடைத்தது கடவுள் காட்டிய வழி என்றே நினைத்தாள். கீழே அச்சகம், அதற்கு மேல் மாடியில் நீளமான காலி ஹால். இரண்டு பக்கமும் ஜன்னல், காலை வெளிச்சம் தாராளம். குறை ஒன்றே ஒன்று, இருபத்தாறு படி. அச்சகக்காரர்தான் கட்டிடத்துக்கும் சொந்தக்காரர். கறாரான மனிதர், ஆனால் வாயில் சிரிப்பு இருக்கும்.

"டீச்சரம்மா, இந்த ஹாலைக் காகிதம் அடுக்க ஒருத்தர் கேக்குறார். நீங்க ஒரு மாசம் நடத்திப் பாருங்க. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை நான் வந்து பார்ப்பேன். பணம் கட்டி ஒழுங்கா வர்றவங்க பதினஞ்சு பேர் இருந்தா உங்களுக்கு வாடகைக்கு எழுதித் தர்றேன். இல்லேன்னா காகிதத்துக்கு."

"பதினஞ்சு என்ன சார், முப்பது வரும்."

"வரட்டும். நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?"

காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பேட்ச், வேலைக்குப் போகிறவர்களுக்கு. பத்தரைக்கு ஒரு பேட்ச், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வருகிறவர்களுக்கு. மாதம் எண்ணூறு, மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் இரண்டாயிரம். முதல் மூன்று நாள் இலவசம், பிடித்தால் நாலாம் நாள் பணம். கீழே அச்சகத்திலேயே மஞ்சள் தாளில் அடித்து, தெருத் தெருவாகத் தானே போய்க் கொடுத்தாள்.

முதல் திங்கட்கிழமை இரண்டு பேட்ச்சும் சேர்த்து இருபத்திரண்டு பேர் வந்தார்கள். கதவோரம் குவிந்த செருப்புகளைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, நாலாம் நாள் பணம் கேட்கப் போகிறோம், அதற்கு ஏற்ற மாதிரி கொடுக்க வேண்டும் என்று அவள் மனசு துள்ளியது. உட்கார்ந்து எழுவது ஐம்பது, துள்ளிக் குதிப்பது நூறு, ஹாலைச் சுற்றிப் பத்து ஓட்டம். விசில் ஓயவேயில்லை. பெண்கள் வியர்த்து வடிய வடியச் சிரித்தார்கள். "டீச்சர், நாங்க மறுபடி ஸ்கூலுக்குப் போன மாதிரி இருக்கு" என்று ஒருத்தி மூச்சு வாங்கச் சொன்னாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விசில் டீச்சர் தரையில் நடக்கவில்லை, மிதந்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு பேர்.

புதன்கிழமை ஐந்து பேர்.

வியாழக்கிழமை பணம் கட்டியவர்கள் மூன்று பேர்.

நேரம்தான் சரியில்லை என்று முதலில் நினைத்தாள். ஐந்தே முக்கால் என்றால் எத்தனை மணிக்கு எழுவது, எப்போது சமைப்பது? ஆறேகாலுக்கு மாற்றினாள். பிறகு பணம்தான் கூடுதலோ என்று தோன்றியது.

"அறுநூறுன்னு போட்டுப் பாரேன்" என்றார் கணவர். "ஷேர் ஆட்டோக்காரன் பஸ்ஸை விடக் கம்மியாக் கேட்டப்போ எங்க ஜனம் பூரா அவன் பின்னாடி ஓடுச்சே."

அறுநூறு என்று போட்டாள். புதிதாக யாரும் வரவில்லை. ஏற்கெனவே எண்ணூறு கட்டிய மூன்று பேரில் ஒருத்தி வந்து, "டீச்சர், அப்ப எங்களுக்கு இருநூறு மிச்சம் தரணும்ல?" என்று நியாயமாகக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தாள். நேரம் மாறியதைக் கேள்விப்பட்டு மட்டும் அடுத்த திங்கட்கிழமை ஆறு பேர் புதிதாக வந்தார்கள். அவர்களில் ஒருத்தி வங்கியில் கேஷியர். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே பணம் எண்ணுகிறவள், முட்டி பிடித்துக்கொண்டது என்று ஆசையாக வந்தாள். விசில் டீச்சர் இந்த முறை இன்னும் உற்சாகமாக ஐம்பதை அறுபதாக்கினாள்.

புதன்கிழமை அந்த ஆறு பேரில் ஒருத்திகூட இல்லை.

அன்று சாயங்காலம் கணவருக்கு இருமல் மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்தார்.

"வாங்க டீச்சர். உங்களுக்கு நான் கமிஷன் தரணும்."

"எதுக்குங்க?"

"வலிக்குத் தடவுற டியூப் மாசத்துக்கு ஒரு பெட்டி போனா பெரிசு. ரெண்டு வாரத்துல மூணு பெட்டி காலி. எங்க அடிபட்டீங்கன்னு கேட்டா, எல்லாரும் உங்க மாடியைக் கை காட்டுறாங்க."

அவள் திரும்புகையில், கடையின் இரண்டே இரண்டு படிகளில் ஒருத்தி நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்தாள். கேஷியர்! கையில் டியூப். டீச்சரைக் கண்டதும் அவள் முகம் திருடிய பிள்ளையின் முகமானது.

"ஏன் வரலம்மா?" என்றாள் விசில் டீச்சர் மெதுவாக.

"வரணும்னுதான் நினைச்சேன் டீச்சர். காலையில உங்க படிக்கட்டு வரைக்கும் வந்தேன். ஏறவே முடியல. ரெண்டு படி ஏறிட்டுத் திரும்பிட்டேன்." கேஷியர் குரல் தாழ்ந்தது. "பேங்க்ல உட்கார்ந்தா எந்திரிக்க முடியல, எந்திரிச்சா உட்கார முடியல. மேனேஜர் என்னன்னு கேட்டார், என்னத்தைச் சொல்ல? நமக்கு இதெல்லாம் ஒத்து வராது போலன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் செய்றாங்க, நமக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லன்னு நினைச்சேன்."

விசில் டீச்சர் வீட்டுக்கு வந்து மருந்தைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். பதினெட்டு வருடமும் அவள் பிள்ளைகளையே ஓட விட்டவள். ஐம்பது முறை உட்கார்ந்து எழுந்த பிறகும் அவர்கள் தண்ணீர்க் குழாய்க்குப் பந்தயம் வைத்து ஓடுவார்கள். பத்து வருடமாக அசையாத உடம்பை அவள் பார்த்ததே இல்லை. அந்த உடம்புக்கு வலி முதல் நாள் தெரியாது. மறுநாள் தொடங்கும், அதற்கும் அடுத்த நாள் உச்சத்துக்குப் போகும். அவள் எந்த நாளில் பணம் கேட்டாளோ, சரியாக அந்த நேரத்தில்தான் அவர்கள் நண்டாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"ஏங்க," என்றாள், "நேரமும் இல்ல, பணமும் இல்ல. நான்தான்."

"என்ன நீ?"

"வந்தவங்களை முதல் நாளே அடிச்சுத் துரத்தினது நான்தான்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போன மாதிரி இருந்தது. காரணம் தெரியாத வரைக்கும்தானே பயம்? கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, பேர் எழுதிய நோட்டை எடுத்தாள். விட்டுப் போன ஒவ்வொருத்திக்கும் போன் போட்டாள். "தப்பு என் பேர்ல. உங்க உடம்புக்கு ஒரு குறையும் இல்ல. திங்கட்கிழமை வந்து பாருங்க, வீட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே போவீங்க."

அட்டவணையைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினாள். தினமும் வகுப்பு இல்லை. காலை பேட்ச்சுக்கும் பத்தரை பேட்ச்சுக்கும் திங்கள், புதன், வெள்ளி மட்டும். நடுவில் ஒரு நாள் உடம்புக்கு ஓய்வு. இலவசம் அதே மூன்று வகுப்புதான், ஆனால் பணம் அடுத்த திங்கட்கிழமை, வலியெல்லாம் ஆறி, நடை லேசான பிறகு. கட்டணமும் பழையபடி எண்ணூறு. புதிதாகச் சேருகிறவர்கள் திங்கட்கிழமை மட்டுமே சேர வேண்டும், பழையவர்களோடு கலக்காமல் ஜன்னல் பக்கம் தனி வரிசை.

மூன்றாவது திங்கட்கிழமை இரண்டு பேட்ச்சிலும் பழையவர்களும் புதியவர்களுமாகப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். கேஷியரும் வந்தாள், படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஏறி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை. கையை வீசி நிதானமாக நடப்பது. தோளை உருட்டுவது, மூச்சு. இருபத்தைந்தாவது நிமிடம் டீச்சர் நிறுத்திவிட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் ஒருத்தி ஏமாற்றமாக.

விசில் டீச்சருக்கு உதட்டில் விசில் நமநமத்தது. இன்னும் ஒரு இருபது, ஒரே ஒரு சுற்று! பல்லைக் கடித்துக்கொண்டு விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"அவ்வளவுதான். நாளைக்குத் தொடை லேசா பிடிக்கும். நாளன்னைக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். அது நோய் இல்ல, தூங்கிக்கிட்டு இருந்த சதை முழிச்சிக்கிது. அதோடயே வாங்க, மெதுவா அசைச்சா இளகிடும். குத்துற மாதிரி வலிச்சா மட்டும் உடனே சொல்லுங்க, நிறுத்திடலாம். வலிக்கிதுன்னு சொல்ல யாரும் வெக்கப்படக் கூடாது."

புதன்கிழமை வந்ததும் ஹாலில் ஒரே பேச்சு, யாருக்கு எங்கே பிடித்தது என்று. "எனக்கு இங்க." "எனக்கு இங்கயும் அங்கயும்." "டீச்சர் சொன்ன நேரத்துக்குச் சொன்ன மாதிரி வந்துச்சுடி, தபால் வந்த மாதிரி." வலி வந்ததே அவர்களுக்குப் பெருமையாகிவிட்டது. பதினெட்டில் பதினேழு பேர் வந்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பணம் கட்டியவர்கள் பதினொரு பேர். முந்தைய மூன்று பேரையும் சேர்த்தால் பதினான்கு.

பதினான்கு! வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் ஒன்று வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்தரை வகுப்பு நடக்கும்போது அச்சகக்காரர் மேலே ஏறி வந்து கதவோரம் நின்றார். நோட்டை வாங்கிப் பார்த்தார், உதடு பிதுக்கினார். அந்த நேரம் பார்த்துத் தையல் கடைக்காரி ஒருத்தி படியேறி வந்தாள். கையில் எட்டு நூறு ரூபாய்த் தாள்கள்.

"டீச்சர், என்னைச் சேர்த்துக்கங்க. இன்னைக்கே ஆரம்பிச்சிடுறேன்."

ஹாலே திரும்பிப் பார்த்தது. கேஷியருக்கு அன்று விடுமுறை, அவளும் பத்தரைக்கு வந்திருந்தாள். அவள் கண்ணாலேயே, வாங்கிக்குங்க வாங்கிக்குங்க என்றாள். விசில் டீச்சர் பணத்தைப் பார்த்தாள், அச்சகக்காரரைப் பார்த்தாள். இவர்கள் எல்லாரும் இப்போது முப்பது முறை எழுந்து உட்காருகிறார்கள். இவள் கூச்சத்தில் கூடவே செய்வாள், ஞாயிற்றுக்கிழமை நண்டாக நடப்பாள், அப்புறம் வரவே மாட்டாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா. திங்கட்கிழமை வாங்க. மூணு வகுப்பு பாருங்க, அப்புறம் பணம் கொடுங்க."

அச்சகக்காரர் தொண்டையைச் செருமினார். "டீச்சரம்மா, கணக்கு தெரியும்ல? வந்த ஆளைத் திருப்பி அனுப்புறீங்க."

"தெரியும் சார். நீங்க கேட்டது ஒழுங்கா வர்ற பதினஞ்சு பேரு. இவங்களை இன்னைக்குச் சேர்த்தா பதினஞ்சுன்னு எழுதலாம், அடுத்த வாரம் பதினாலுதான் இருக்கும். பொய்யா எழுதி வாங்குற ஹால்ல எனக்கு நிம்மதியா மூச்சு விட முடியாது."

தையல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பணத்தை வேண்டாம் என்று சொல்கிற இடத்தை அவள் அதுவரை கண்டதில்லை போலிருக்கிறது. "அப்ப திங்கட்கிழமைக்கு என் பேரை எழுதுங்க," என்றாள், "என் அண்ணி பேரையும். அவங்க முதல் வாரம் இங்க வந்துட்டு ஓடிப்போனவங்கதான். நீங்க போன் பண்ணீங்கன்னு சொன்னாங்க."

அச்சகக்காரர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"முதல் வாரம் மேலே தடதடன்னு சத்தம், மறுநாள் அமைதி. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு இது ஓடாதுன்னு. இப்ப ரெண்டு வாரமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே சத்தம், அதே நேரம். மெஷினை நிறுத்திட்டு ஒரு நாள் படியேறுறவங்களை எண்ணிப் பார்த்தேன்." அவர் வழக்கமான சிரிப்பைச் சிரித்தார். "காகிதக்காரருக்கு வேற இடம் சொல்லிட்டேன். பதினொரு மாசத்துக்கு எழுதிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க சார்."

"செவ்வாய், வியாழன், சனி ஹால் சும்மாதானே கெடக்கு? ஒரு பேட்ச் ஆம்பளைங்களுக்கு வைங்க. அச்சுக் கோக்குறவங்க எல்லாருக்கும் இடுப்பு போச்சு, எனக்கும் சேர்த்துத்தான்."

ஹால் கொல்லென்று சிரித்தது. விசில் டீச்சர் ஆகட்டும் என்று தலையாட்டினாள். கேஷியர்தான் முதலில் சுதாரித்தாள்.

"டீச்சர், பதினெட்டுல நிறுத்திட்டீங்க. இன்னும் பன்னெண்டு பாக்கி."

"பத்தொன்பது," என்றாள் விசில் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. எல்லாரும் எழுந்தார்கள்.