மூச்சு விடும் இடம்

வீரணனுக்கு மனு எழுதுவதில் ஒரு திமிர் உண்டு. உத்தமபாளையம் தாலுகா கச்சேரி வாசலில் பாய் விரித்து உட்காருகிற எழுத்துக்காரர்களில் தன்னைப்போல நீளமான வாக்கியம் எழுத ஆளில்லை என்பது அவர் நினைப்பு. ‘மகாராஜராஜஸ்ரீ’ என்று ஆரம்பித்தால் தாளின் அடியில் போய்த்தான் வினைச்சொல் தலைகாட்டும். நடுவில் ஒரு நிறுத்தம் கிடையாது. படிக்கிறவன் திணறட்டும், அதுதானே எழுத்து என்பார். நல்ல மனுஷன்தான், ஆனால் இந்த விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

அந்தத் திமிர் அடங்கியது பஞ்சம்மாள் விஷயத்தில்.

பஞ்சம்மாள் புருஷனை இழந்தவள். சின்ன வாய்க்காலின் கடைமடையில் அவளுக்குக் கொஞ்சம் வயல், வேறு ஒன்றும் இல்லை. மேல்மடைக்காரர் சங்கரலிங்கம் கல்லும் மண்ணும் போட்டு மடையை அடைத்துவிட்டார். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் தண்ணீர் வராவிட்டால் அதை மாட்டுக்குத்தான் அறுத்துப் போடவேண்டும். அப்புறம் வருஷம் முழுக்க அவள் கூலிக்காரி.

சப் கலெக்டராகப் புதுசாக வந்த வெள்ளைக்காரச் சின்னத் துரை ஆற்றோரத்துப் புளியந்தோப்பில் கூடாரம் போட்டிருந்தார். வீரணன் தன் திறமையெல்லாம் கொட்டி மனு எழுதிக் கொடுத்தார். முகாம் குமாஸ்தா அதை ஒரே ராகத்தில் படித்தான். துரையின் கண் பாதியிலேயே புளியமரத்துக்குப் போய்விட்டது. படித்து முடித்த குமாஸ்தா இங்கிலீஷில் ரெண்டே வரி சொன்னான். வீரணனுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனாலும் ‘குடும்பச் சண்டை’ என்று அவன் சொன்னது விளங்கிவிட்டது. குமாஸ்தா ரெண்டு நாளாகச் சங்கரலிங்கம் வீட்டில்தான் சாப்பிடுகிறான் என்பது ஊருக்கே தெரியும். மனு தள்ளுபடி.

வீரணன் மனுவைத் திரும்ப வாங்கி மடித்தார். அவருக்கு ஆத்திரம் குமாஸ்தா பொய் சொன்னதற்காக மட்டும் இல்லை. அப்படிப் பொய் சொல்ல இடம் கொடுத்ததே தன் வாக்கியம்தான் என்று உறைத்துவிட்டது. முழ நீளத்துக்குப் படித்துவிட்டு ரெண்டு வரியில் சுருக்கினால் எதை விட்டான், எதை மாற்றினான் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

போகிறபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. துரை தன் குதிரைக்காரனிடம் தமிழில் ஏதோ கேட்டார். குதிரைக்காரன், “குதிரைக்கு... முன்னங்கால்ல... லாடம்... போயிருச்சு தொரை,” என்று விட்டு விட்டுச் சொன்னான். துரை தலையாட்டிவிட்டு லாடம் அடிக்கிறவனைக் கூப்பிடச் சொன்னார். அட, இந்த ஆளுக்குத் தமிழ் தெரியும்! வேகமாகச் சொன்னால்தான் புரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் குடியானவர்கள் நேரில் குறை சொல்லலாம், அதற்கு மறுநாள் முகாம் கிளம்பிவிடும். வீரணன் பஞ்சம்மாளை நேரே அவள் வயல் வரப்புக்குக் கூட்டிப்போனார். அவள் பேச்சோ மடை உடைந்த மாதிரி, மூச்சு விடாமல் கொட்டிவிட்டுக் கடைசியில் அழுதுவிடுவாள். மனுவைக் கிழித்துப்போட்டுவிட்டு அவள் வாயில் வருகிற சொல்லாகவே வேறு எழுதினார். எழுதியதை அவர் படிக்க, அவள் திருப்பிச் சொன்னாள். மூச்சு வாங்கவேண்டிய இடத்தில் தாளில் ஒரு நேர்கோடு போட்டார். அவள் குரல் எங்கே மெலிந்ததோ அங்கே கோட்டை ஒரு சொல் முன்னால் இழுத்து வைத்தார். மூச்சு வாங்கியதும் வருகிற முதல் சொல் கணீரென்று விழுவதைக் கவனித்து, கோட்டுக்கு அடுத்தாற்போல் மடை, தண்ணி, நாத்து என்று கனமான சொற்களைக் கொண்டுவந்தார்.

எல்லாம் சரிதான், ஒரு வில்லங்கம் மிச்சம் இருந்தது. வாக்கியம் முடிந்து அவள் மூச்சு வாங்குகிற நொடியில் குமாஸ்தா உள்ளே பாய்ந்துவிடுவானே? வீரணன் வெகுநேரம் தாளையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு வாக்கிய முடிவில் இருந்த கோடுகளையெல்லாம் அடித்துவிட்டு, வாக்கியத்தின் நடுவில் மாற்றிப் போட்டார். வாக்கியம் முடிகிற இடங்களில், கடைசிச் சொல்லையும் அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லையும் சேர்த்துக் கீழே வளைகோடு இழுத்தார். தாளில் முக்கியமான இடம் இப்படி ஆயிற்று:

என் வயலுக்கு வர்ற | மடையை | கல்லும் மண்ணும் போட்டு | அடைச்சிட்டாக‿இப்ப அங்கன | தண்ணி | ஒரு சொட்டு | வரலை‿நாங்க வச்ச | நாத்து...

“நடுவுல எம்புட்டு வேணும்னாலும் நில்லு, ஆத்தா,” என்றார். “முடிக்கிற சொல்லு வராம அவனால மொழிபெயர்க்க முடியாது, காத்துக் கெடக்கணும். அந்த நேரத்துல தொரைக்குப் புரியும். முடியுற எடத்துல மட்டும் நிக்காத. அடுத்த சொல்லத் தொட்டுட்டு மூச்சு விடு.”

அவளுக்கு எழுத்துத் தெரியாது. கோடாவது வளைவாவது என்று விழித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, நடவுப் பாட்டில் தான் ஒரு அடி பாடிவிட்டு, பின்பாட்டுக்காரிகள் எடுக்கிறவரை சும்மா நிற்பதுண்டே, அந்த அளவு நிற்கட்டுமா என்று அவளே கேட்டாள். வீரணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே அளவுதான். அப்புறம் அவர் கோட்டைத் தொட்டபோதெல்லாம் அவள் மனசுக்குள் பின்பாட்டு ஓடியது. கடைசி வாக்கியத்துக்குப் பிறகு மட்டும் துரை பேசுகிறவரை மூச்சுக்கூட விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் கூடாரத்து வாசலில் கூட்டம். சங்கரலிங்கம் அங்கவஸ்திரத்தோடு முன்னால் நின்றார். வீரணனைக் கூட்டத்தின் பின்னால் தள்ளிவிட்டார்கள். பஞ்சம்மாள் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தாள். தான் யார், எந்த ஊர் என்பதெல்லாம் வளைவுக்கு வளைவு சேர்ந்து வந்தது. குமாஸ்தா ரெண்டு தரம் வாயைத் திறந்தான், ரெண்டு தரமும் அடுத்த வாக்கியம் தொடங்கியிருந்தது. துரையின் கண் இந்தத் தரம் புளியமரத்துக்குப் போகவில்லை.

“எம் புருசன் செத்து | மூணு வருசம்...” என்று வந்தவள் ‘ஆச்சு’ என்று முடித்ததும் அழுகை வந்து நின்றுவிட்டாள். வளைகோடு போட்டிருந்த இடம் அது. வீரணன் கூட்டத்தின் பின்னாலிருந்து எம்பிப் பார்த்தார். பாவி, அந்த வரியை ஏன் எழுதினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவள் அழுகிற இடம் எதுவென்று தெரிந்தும் அங்கே மூச்சுக்கு இடம் வைக்காமல் போனார் பாருங்கள்! குமாஸ்தா சட்டென்று புகுந்தான். பாவம் விதவை, பிச்சை கேட்கிறாள் என்று இங்கிலீஷில் நீட்டத் தொடங்கினான்.

பஞ்சம்மாள் கண்ணைத் துடைக்கவில்லை. நெஞ்சு நிறைய இழுத்து, “என் வயலுக்கு வர்ற மடையை...” என்றாள். அப்படியே நிறுத்தினாள்.

பின்பாட்டுக்கு நிற்கிற அளவு ஆயிற்று. அதற்கு மேலும் நின்றாள். பாதியில் தொங்கிய பேச்சைக் கேட்டு மொத்தக் கூட்டமும் அவள் வாயையே பார்த்தது. பேசிக்கொண்டிருந்த குமாஸ்தாவைப் பார்த்து, துரை கையை உயர்த்தினார்.

“மடையை?” என்று அவரே தமிழில் கேட்டார்.

“கல்லும் மண்ணும் போட்டு அடைச்சிட்டாக, தொரை. இந்தா நிக்கிறாகளே, இவுகதான். எனக்குப் பிச்சை வேணாம். மடையத் தெறந்து விடச் சொல்லுங்க.”

அதோடு வாயை மூடிக்கொண்டாள். சங்கரலிங்கம் ஏதேதோ முணுமுணுத்தார். குமாஸ்தா விளக்கம் சொல்லப் பார்த்தான், துரை அவன் பக்கம் திரும்பவே இல்லை. குதிரையைக் கொண்டுவரச் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் துரை வாய்க்கால் கரையில் நின்றார். சங்கரலிங்கத்தின் ஆட்களே கல்லைப் புரட்டினார்கள். தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு கடைமடைக்கு இறங்கி, பஞ்சம்மாளின் வயலுக்குள் மெதுவாகப் பரவியது. துரை போய்விட்டார், கூட்டமும் கலைந்தது. வீரணன் வரப்பில் ஓட்டமாக வந்தபோது அவள் கணுக்கால் அளவு தண்ணீரில் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தாள். வாய் ஓயாத பொம்பளை ஒரு வார்த்தை பேசவில்லை.

அவரைப் பார்த்ததும் மெல்லக் கேட்டாள்:

“இனி மூச்சு விடலாமாண்ணே?”