கைபடாத லேபிள்

மண்ணரை என்ற ஊரில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஸ்பேர் கடை வைத்திருக்கும் ஜுவைரியாவிடம் வருகிற எல்லோரும் ரொம்ப விவரமானவர்கள். மாடல் கேட்டால் நிறத்தைச் சொல்வார்கள். நிறம் போதாது என்றால், எந்த மாமன் சீராகக் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

அன்று வந்தவர் பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன். அவர் கம்பெனியில் கழுத்து லேபிள் ஒரு நூல் கோணினாலும் தைத்தவள் பாடு திண்டாட்டம்தான். அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு ரப்பர் கிழிந்துவிட்டது. மாடல் மட்டும் தெரியாது.

“கதவுல ஸ்டார் ஸ்டிக்கர் இருந்திருக்குமே, அதுலயே மாடல் போட்டிருக்குங்க” என்றாள் ஜுவைரியா.

“அசிங்கமா இருக்குதுன்னு நாந்தான் சொரண்டிப்போட்டனுங்க. பின்னாடி இருந்தத போட்டோ எடுத்துட்டு வந்திருக்கறனுங்க.”

“இது கம்ப்ரசரோட நம்பருங்கண்ணா. இதே கம்ப்ரசர் எத்தனையோ ஃப்ரிட்ஜுல இருக்கும். ஊட்டுக்குப் போன் போட்டு, உள்ள காய்கறி ட்ரேயை எடுத்துட்டு, அங்க உள்பக்கச் செவுத்துல ஒட்டியிருக்கற லேபிளப் பாக்கச் சொல்லுங்க.”

கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. சருகான கறிவேப்பிலைக்கும் காய்ந்து ஒட்டிய தக்காளித் தோலுக்கும் நடுவே, கம்பெனி பெயரும் மாடல் நம்பரும் பளிச்சென்று இருந்தன.

மகுடேஸ்வரனுக்கு முகமெல்லாம் பெருமை. “நம்மூட்டுச் சுத்தத்தப் பாத்தீங்களா? லேபிள் புதுசாட்டமே இருக்குதுங்க!”

ஜுவைரியா நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

“ஆமாங்கண்ணா. வாங்குன நாள்ல இருந்து ஒருத்தர் கையும் படலீங்க.”