விருந்தினர் கட்டுரைக்கு ஏழாவது விதி

அழைப்புப் பதிவு எழுதுவதில் என் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் வலையிதழுக்கு வாசகர்களிடம் விருந்தினர் கட்டுரை கேட்கும் பதிவு முழுக்க அவள் கைவேலை. பொருள்: வீட்டில் கேட்கும் ஓசை. அறுநூறு முதல் எண்ணூறு சொற்கள். முகநூலில்கூட வெளிவந்திருக்கக் கூடாது. பெயரைப் படிவத்தில் மட்டும் தரவும், கட்டுரைக் கோப்பில் வேண்டாம். கடைசி நாள் இருபதாம் தேதி, மாலை ஆறு மணி. முடிவு முப்பதாம் தேதி. ஏழாவது விதி: ஆசிரியர் குழுவின் குடும்பத்தார் எழுதக் கூடாது. போன வருடம் சொந்தக்காரர்கள் என் உயிரை வாங்கியதால் வந்த விதி அது.

கெட்டிக்காரி ஒரு தப்பும் செய்தாள். ‘உதாரணமாக, மின்விசிறி’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். வந்த நாற்பத்தாறில் முப்பத்தெட்டு மின்விசிறி! இதழின் முதல் பக்கத்துக்கு ஒரே ஒரு நல்ல கட்டுரை வேண்டும். அது கிடைக்காமல் அக்கா வாடிப்போனாள்.

ஒரு மதியம், ஜன்னலோர மேசையில், முப்பத்தோராம் எண் கட்டுரையைத் திறந்தாள். பகலில் தூங்கும் ஒருவர் எழுதியது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்கிறார்கள். அரைத்தூக்கத்தில் அது தகரக் கூரையில் விழும் மழையாகிறது. பிறகு சரளைக்கல்லில் நடந்து வரும் காலடியாகிறது. அது நின்றால் அவருக்கு விழிப்பு வந்துவிடும். மறுபடி தொடங்கும்வரை கண்ணை மூடிக் காத்திருப்பார். நாங்கள் இருவரும் இரண்டு முறை படித்து முடித்தபோது வெயில் மேசையைத் தாண்டித் தரைக்கு இறங்கியிருந்தது.

“இதுதான்டி முதல் பக்கம்,” என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். தேர்வு முடிந்தபின்தான் பெயர்ப்பட்டியலைத் திறப்போம். திறந்தோம்.

மாமா! ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் அக்கா புருஷன். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டச்சு செய்வது அக்காவேதான் என்று எங்கள் மண்டையில் அதுவரை ஒரு பொறியும் தட்டவில்லை.

“யாருக்கும் தெரியாது, போட்டுடலாம்க்கா,” என்றேன்.

“எனக்குத் தெரியுமே.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் அனுப்பும் அதே மறுப்புக் கடிதத்தை அனுப்பினாள். எனக்குக் கோபமான கோபம்.

மாமா நான்கு மணிக்குக் கைபேசியோடு எழுந்து வந்தார்.

“விதியெல்லாம் படிக்கலையா நீங்க?” என்றாள் அக்கா.

“படிச்சேனே. ஏழாவது.”

“அப்புறம் எதுக்கு அனுப்புனீங்க?”

“நான் வாயத் திறந்தா, ‘சரி சரி, சாப்பிட வாங்க’ம்ப. கட்டுரைன்னா கடைசி வரி வரைக்கும் படிப்பியே.”

அக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. இப்பச் சொல்லுங்க, கேக்கறேன்.”

மாமா கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

“இனிமே என்னத்தச் சொல்றது? எல்லாத்தையும்தான் எழுதிட்டேனே.”