ஈரப் பனலும் சிவப்பு லைட்டும்

நஸீறாவுக்குக் கோபம் வந்தால் காத்தான்குடிக் கடைத்தெருவே கேட்கும். நல்லாக் கேட்கட்டும். எட்டு வருஷம் கட்டாரில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, முப்பத்தெட்டு வயதில் சோலார் வேலை படித்தவள். எங்கள் கடையில் நான் வயர் இழுப்பவன். வாடிக்கையாளர் அனுப்பும் இன்வெர்ட்டர் படங்களைப் பார்த்துப் பழுது சொல்பவள் அவள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஆரையம்பதியிலிருந்து கேதீஸ்வரி அக்கா படம் அனுப்பியிருந்தார். நஸீறா வருவதற்குள் முதலாளி ஹமீட் பதில் போட்டுவிட்டார்: “எக்ஸ்போர்ட் 6210 யுனிட் காட்டுது. மெசின் நல்லம். தூசிதான், கழுவுங்க.”

நஸீறா வந்து படத்தைப் பெரிதாக்கினாள். முகம் சிவந்தது. முதலாளியை அவள் காக்கா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

“காக்கா, 6210 எண்டது மெசின் பூட்டின நாள் தொட்டு லைனுக்குக் குடுத்த மொத்தம். இன்டைக்கு உற்பத்தி பூச்சியம். சிவப்பு லைட் எரியுது. கீழ என்ன எழுதியிருக்கு? இன்சுலேஷன் குறைவு! தூசியெண்டா கொஞ்சம் குறையும், ஒரேயடியா நிக்குமா? மேல எங்கயோ வயர் வெட்டுப்பட்டு, சட்டத்துல கரண்ட் கசியுது!”

உடனே அழைத்தாள்.

“அக்கா, ஆராவது மேல நிக்காங்களா?”

“ஓம் தங்கச்சி, இவர் ஓஸ் பைப்போட ஏறிட்டார்.”

“தண்ணிய நிப்பாட்டுங்க! சோலார் பனலையும் கம்பியையும் தொடாம இறங்கச் சொல்லுங்க! சுவிட்ச நிப்பாட்டினாலும் வெயில் இருக்கும் வரைக்கும் மேல கரண்ட் இருக்கும்!”

அவர் இறங்கிவிட்டார் என்று கேட்கும்வரை நஸீறா உட்காரவில்லை.

நாங்கள் போய், ரப்பர் கையுறையோடு மொட்டை மாடியில் ஏறினோம். பனல்களுக்கடியில் கருவாட்டுக் கூடைகள். காகத்துக்கும் மழைக்கும் பயந்து அங்கே வைத்திருக்கிறார்கள். கருவாட்டுக்கு எலி வந்திருக்கிறது, வந்த எலி வயரையும் கடித்திருக்கிறது. செம்பு வெளியே தெரிந்து அலுமினியச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு முழத்தில் ஈரம்.

“அடி ஆத்தே, நாங்க நல்லதெண்டுதானே வச்ச!” என்று கேதீஸ்வரி அக்கா தலையில் கைவைத்தார். அவரை நஸீறா ஒரு வார்த்தை ஏசவில்லை.

கடைக்கு வந்ததும் முதலாளி, “ஒண்டும் நடக்கல்லதானே?” என்றார்.

“நடந்திருந்தா ஜனாஸா அடக்கத்துக்குப் போறமாதிரி வெள்ளச் சட்ட போட்டுட்டுப் போயிருப்பீங்க! இப்ப மேல ஏறின அந்த மனிசனுக்குப் போன் எடுங்க. படத்த வாசிக்காமச் சொன்னனெண்டு உங்கட வாயால சொல்லுங்க!”

முதலாளி முனகிக்கொண்டே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் வாய் திறக்குமுன் மறுமுனையில் கேதீஸ்வரி அக்காவின் கணவர் வினாயகமூர்த்தி அவசரமாகப் பேசினார்.

“முதலாளி, குறை நினைக்காதீங்க. நீங்க சொன்னபடி கழுவத்தான் ஏறின நான். பாதியில இறக்கிப் போட்டாங்க.”