கல்லாறு பதினான்கா, பதினைந்தா

இறந்தவர்களின் படங்களுக்கு இருந்த பெயர்களை அழித்தவன் நான். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து மூன்று மாதமிருக்கும். அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களின் படங்கள் நானூறுக்கு மேல் நிவாரண நிலையத்துக் கணினியில் இருந்தன. அவற்றை எடுத்தவர் நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு தம்பி. ஒவ்வொரு கோப்புக்கும் அவரே பெயரிட்டிருந்தார்: ‘கல்லாறு 14 நீலச் சாரம்’ என்பதுபோல. ஊர், குழி இலக்கம், உடை. அங்கே தொண்டுக்குப் போயிருந்த, ஓய்வுபெற்ற கணித ஆசிரியனான எனக்கு அந்த நீளப் பெயர்கள் அலங்கோலமாகத் தெரிந்தன. ஆறு வரியில் ஒரு நிரல் எழுதி ஓட்டினேன். கண் இமைப்பதற்குள் எல்லாம் படம்001, படம்002 என்று வரிசையாகிவிட்டன. பிரதி எடுக்கவில்லை. பழைய பெயர்களின் பட்டியலும் எடுக்கவில்லை.

அடுத்த கிழமை பெரியகல்லாற்றிலிருந்து ஒரு பெண் வந்தார். ஆற்றில் வலை வீசும் தன் புருசனை, சாரத்தின் கிழிசலில் தான் தைத்த ஒட்டுத்துணியைக் கொண்டு, ஒரு படத்தில் அடையாளம் கண்டார். அழவில்லை.

“எந்தக் குழி ஐயா?”

தம்பி கணினியைப் பார்த்தார்.

“சேர், பழைய பேரெல்லாம் எங்க?”

“ஒழுங்காக்கிப்போட்டன்.”

“குழி இலக்கம் அந்தப் பேருக்குள்ளதானே கிடந்தது! இலக்கம் எழுதின காகிதத் துண்டையெல்லாம் எரிச்சாச்சு, கமராவிலயும் அழிச்சாச்சு. கணக்கு வாத்தியாருக்கு இலக்கம் மட்டும் இருந்தாக் காணுமோ?”

கணினி முன் உட்கார்ந்து பட்டியலை மேலிருந்து பார்த்தேன்.

ஒரு வழிதான் மிஞ்சியது. நிரல் கோப்புகளை எழுத்து வரிசையில் எடுத்திருந்தது. அந்த வரிசையில் ஒன்றுக்குப் பிறகு இரண்டு வராது. பத்து, பதினொன்று என்று பத்தொன்பது வரை போய்த்தான் இரண்டு வரும். ஆகவே புது இலக்கங்களுக்குள் பழைய ஒழுங்கு ஒளிந்திருந்தது. தம்பிக்குச் சில குழிகள் மறக்காமல் இருந்தன. அவற்றை ஊன்றுகோலாக வைத்து, ஒரே ஆளின் படங்களைச் சேர்த்துச் சேர்த்து, பதினொரு நாள் இருந்து பெரும்பாலானவற்றை மீட்டேன். குருக்கள்மடம் என்ற ஊரின் படங்கள் முழுதும் சரிவந்தன.

அந்தப் பெண்ணின் இடத்தில் சிக்கியது. பதின்மூன்றும் பதினாறும் உறுதி. இடையில் இரண்டு குழிகள். படமோ அவருடைய புருசனுடையது மட்டும். ஒன்றில் இருந்தவரைப் படமெடுக்கவில்லை. எதில் என்று தம்பிக்கு நினைவில்லை.

வீடு தேடிப் போய்ச் சொன்னேன், பிழை என்னுடையது என்பதையும் சேர்த்து. கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப ரெண்டுக்கும் வைக்கன்” என்றார்.

ஆண்டுத் திவசத்துக்கு இரண்டு குழிகளுக்கும் படையல் வைத்தார். நானும் போய் எட்ட நின்றேன். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“மத்தவர் ஆரெண்டு தெரியாது. அவரிட ஆக்கள் வந்தா என்னட்ட அனுப்புங்க. மறுகா நீங்க இஞ்ச வராதீங்க ஐயா.”

போர் முடிந்து பாதைகள் திறந்த பிறகும் அந்த மற்றவரைத் தேடி யாரும் வரவில்லை. நானும் அங்கு போகவில்லை.