சனிக்கிழமை வருமானம்

பள்ளிக்கூட ஆபீஸில் எல்லாரும் அவளைக் கிளார்க்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அட்மிஷன் பாரத்தில் இனிஷியல் தப்பாக இருந்தால்கூட வந்தவரைத் திருப்பி அனுப்புகிறவள். அப்படிப்பட்டவள் தாக்கல் செய்த பாரம் ஒன்று திரும்பி வந்தது. அதுவும் செத்துப்போன புருஷன் பேரில்.

அவர் ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தவர். வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. ஏழு மாதம் ஆகிறது. அந்த வருஷத்துக்கான வருமான வரி ரிட்டர்னை வாரிசுதான் போட வேண்டும் என்றார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் ஏற்றி, அவருடைய சட்ட வாரிசாகப் போர்ட்டலில் தன்னைப் பதிவு செய்துகொண்டு, அவளே உட்கார்ந்து போட்டாள். சம்பளம் மட்டும்தானே என்று சின்ன பாரத்தையே எடுத்தாள். பாதி விவரம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. சரி சரி என்று அழுத்திக்கொண்டே போய் முடித்துவிட்டாள்.

அவருடைய போன் பீரோவில் இருந்தது. நம்பரை நிறுத்த மனசு வரவில்லை. எப்போதாவது சார்ஜ் போடுவாள், திறந்து பார்க்க மாட்டாள். ஒரு புதன்கிழமை, ஆபீஸ் கிளம்பும் நேரத்தில், சார்ஜ் ஏறிய போன் விடாமல் சிணுங்கியது. குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் ஒன்றில் அவர் பேர் முழுசாக இருந்தது. நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்ன் குறைபாடுடையது. நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளுக்குள் சரிசெய்யவும்.

நீங்கள் என்று இருந்தது. அவரோடுதான் பேசுகிறார்கள். அவரும் பக்கத்து அறையில் இருந்து, என்ன ஏது என்று கேட்கப் போகிற மாதிரி வீடு அப்படியே நின்றது. செருப்பைக்கூட மாட்டாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகுதான் தேதியைப் பார்த்தாள். நோட்டீஸ் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கடைத்தெருவில் மாடியில் இருக்கும் வரி ஆலோசகரிடம் போனாள். ஆலோசகர் அவள் வயசுக்காரப் பெண். நோட்டீஸைத் திரையில் இறக்கி, நிதானமாகப் படித்தார்.

“உங்க வீட்டுக்காரருக்குச் சம்பளம் தவிர வேற வரவு இருந்துச்சாம்மா?”

“ஒண்ணும் கிடையாது மேடம்.”

“இங்க பாருங்க. ஒரு ஓவியக் கல்லூரி அவருக்குப் பணம் கொடுத்திருக்கு. தொழில் கட்டணம்னு காட்டி வரியும் பிடிச்சிருக்கு. அந்த வரியை நீங்க ரிட்டர்ன்ல ஏற்கெனவே கட்டினதா வரவு எடுத்திருக்கீங்க. ஆனா அந்த வருமானத்தை எங்கயுமே காட்டலை. அதுதான் குறை.”

“ஓவியக் கல்லூரியா? அவர் ஒரு கோடு நேரா போட மாட்டார். யாரோ பான் நம்பரை மாத்திப் போட்டிருப்பாங்க.”

“இருக்கலாம். அப்படின்னா ஒப்புக்கலைன்னு காரணம் எழுதலாம். ஆனா உறுதியா தெரிஞ்சுக்கிட்டு எழுதணும்.”

“அந்த வரியே எனக்கு வேண்டாம்னு எடுத்துட்டா?”

“வரி வேண்டாம்னா வருமானம் இல்லைன்னு ஆயிடுமா? வந்திருந்தா காட்டித்தான் ஆகணும்.”

“பேசாம விட்டுட்டா?”

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். “நாள் கடந்தா இந்த ரிட்டர்னையே செல்லாதுன்னு வெச்சிடலாம். அவர் தாக்கலே பண்ணலைன்னு அர்த்தம் ஆயிடும்.”

கீழே இறங்கி வரும்போது கிளார்க்கம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவர் பண்ணவே இல்லை என்று ஆகிவிடும். இன்னும் என்னென்ன பண்ணவில்லை என்று ஆகுமோ. இல்லை, தனக்குத் தெரியாமல் என்னென்ன பண்ணினாரோ. அன்று வீட்டில் அவர் உட்காரும் நாற்காலியைச் சுற்றிக்கொண்டே நடந்தாள்.

சனிக்கிழமை பஸ் மாறி அந்தக் கல்லூரிக்குப் போனாள். கணக்குப் பிரிவில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டினார்.

“நம்ம ஆளுதான்மா. சனிக்கிழமை சனிக்கிழமை வருவார். வருஷ வரம்பைத் தாண்டினதால வரி பிடிச்சோம்.”

“எதுக்கு வருவார்?”

“உட்கார.”

அவளுக்குப் புரியவில்லை. கணக்குப் பிரிவுக்காரர் வராந்தாக் கோடியில் இருந்த வகுப்பைக் காட்டினார். டிராயிங் மாஸ்டர் அவள் யாரென்று தெரிந்ததும் கையில் இருந்த சாக்பீஸைத் தட்டி வைத்தார். ஒரு பெரிய அலமாரியைத் திறந்து, அட்டை அட்டையாக எடுத்து, சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டே போனார்.

எல்லாம் அவர் முகம்.

கரியில், பென்சிலில், சிவப்பு மையில். ஒன்றில் கன்னம் ஒட்டி, ஒன்றில் தாடை பெருத்து, ஒன்றில் காது மட்டும் கச்சிதமாக. கல்யாண ஆல்பத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்ட மனுஷன். சாவுக்கு மாட்டப் படம் கிடைக்காமல் அடையாள அட்டையில் இருந்து வெட்டிப் பெரிசாக்கினார்கள். அவர்தான் இங்கே முப்பது நாற்பது பேராக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒருத்தர் பார்த்தார்.

“ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போவார்,” என்றாள்.

“மூணு வருஷமா வந்தார்மா. அசையவே மாட்டார். பிள்ளைங்க சிலைன்னே பேர் வெச்சிருந்தாங்க.”

“ஏன் வந்தார்? பணத்துக்கா?”

மாஸ்டர் ஒரு அட்டையை நேராக்கி வைத்தார். “ஒரு தடவை கேட்டேன். இங்க யாரும் பேசச் சொல்ல மாட்டாங்க சார், நல்லா இருக்குன்னார்.”

அவள் தினமும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, ஏதாவது பேசுங்களேன் என்று கேட்டவள். முப்பது வருஷம் கேட்டிருக்கிறாள்.

“என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?”

“சொன்ன ஞாபகம் இல்லைம்மா,” என்றார் மாஸ்டர். பொய் சொல்லத் தெரியாத ஆள். “ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.”

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் கை போகவில்லை. எதை எடுத்தாலும் மிச்சப் பேரை இங்கே விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்களும் வந்தன.

திங்கட்கிழமை பதினாலாம் நாள். ஆலோசகரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, “அவர் வாங்கின பணம்தான் மேடம்,” என்றாள். ஆலோசகர் குறையை ஒப்புக்கொள்வதாகக் குறித்தார். சின்ன பாரம் இதற்கு ஆகாது என்று, தொழில் வருமானம் காட்டும் பாரத்தை எடுத்தார். முதல் ரிட்டர்னின் ஒப்புகை எண், நோட்டீஸ் எண், தேதி எல்லாம் போட்டு, சம்பளத்தோடு கல்லூரிப் பணத்தையும் சேர்த்தார்.

“என்ன தொழில்னு கேக்குதும்மா. மற்றவைன்னு போட்டுடவா?”

“அப்படி ஒரு கட்டம் இருக்கா?”

“எல்லாப் பாரத்துலயும் இருக்கும்.”

“போடுங்க.”

பாரம் ஏறியது. சரிபார்ப்பு எண் கிளார்க்கம்மாவின் நம்பருக்கே வந்தது. ஆறு எண்களையும் அவளே தட்டினாள். பதில் சமர்ப்பிக்கப்பட்டது என்று பச்சையில் வந்ததும் ஆலோசகர் பெருமூச்சு விட்டார். அவளுக்கு மூச்சு விடத் தோன்றவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ரிட்டர்ன் ஏற்கப்பட்டது, கூடுதலாகப் பிடித்த வரி கொஞ்சம் திரும்பி வரும் என்று தகவல் வந்தது. அன்று பார்த்து நாத்தனார் வந்திருந்தாள். விஷயம் எப்படியோ அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

“அண்ணனுக்கு வேற வேலை இருந்துச்சாமே அண்ணி? என்ன வேலை அது?”

“உட்கார்ந்திருந்தார்.”

“உட்கார்றதுக்கா சம்பளம்?” நாத்தனார் சிரித்தாள். சிரித்தவள் பாதியில் நிறுத்தி, “எங்க அண்ணனா? ஒரு இடத்துல அரை நிமிஷம் இருக்க மாட்டாரே,” என்றாள்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன்,” என்று கிளார்க்கம்மா விளக்கைப் போட எழுந்தாள். இன்னும் இருட்டவில்லை. ஆனாலும் எல்லா அறையிலும் போட்டாள்.