காற்றை விட்டுவிட்ட ஒப்பீடு

கற்பிட்டியில் விவசாயச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு நான் முகநூல் படங்கள் செய்து கொடுத்துவந்தேன். ஒரு வைகாசியில் கடைக்கார நானா, தண்ணீரைச் சுற்றித் தெளிக்கும் ஸ்பிரிங்லரையும் சொட்டுநீர்க் குழாயையும் ஒப்பிட்டு, விரலால் தள்ளிப் பார்க்கிற ஆறு படங்கள் கேட்டார். கடையில் ஸ்பிரிங்லர்தான் தேங்கிக் கிடந்தது. பொய் எழுதச் சொல்லவில்லை. ஸ்பிரிங்லர் கொஞ்சம் எடுப்பாகத் தெரியட்டும் என்றார், அவ்வளவுதான்.

ஸ்பிரிங்லரைக் காலை வெயிலில் வெங்காயப் பாத்தியில் படம் எடுத்தேன். சொட்டுநீர்க் குழாயைத் தூசியோடு கடைப் படிக்குக் கீழே சுருளாகக் கிடந்தபடியே எடுத்தேன். ஸ்பிரிங்லருக்குத் தண்ணீர் தெளிக்கும் தலையின் விலையை மட்டும் போட்டேன். மற்றதற்குக் குழாய், வடிகட்டி எல்லாம் சேர்த்த விலை.

படங்களைப் போட்ட பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் போனை எடுத்துப் பார்த்தேன். விருப்பங்கள் ஏற ஏற, நான் போட்ட விலையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அடுத்த நாள் நான் கடையில் நிற்கையில், பக்கத்து ஊரான எத்தாளையில் மிளகாய் போட்டிருக்கும் ஒருவர் போனை நீட்டியபடி வந்தார். ஸ்பிரிங்லர் எடுக்கும் முடிவோடுதான் வந்திருந்தார்.

“மகள், இந்த விலைக்குப் பைப்பும் வருமா?”

இல்லை என்றேன்.

“காத்தப் பத்தியும் ஒண்டும் போடல்லையே. எங்கட பக்கம் இப்ப அடிக்கிற காத்துக்கு, தண்ணி பக்கத்துக் காணிக்குத்தான் போகும்.”

நானா என்னைப் பார்த்தார். “நான்தான் விட்டுட்டன்” என்றேன். வந்தவர் ஒன்றும் வாங்காமல் போனார்.

அன்றே அந்தப் படங்களை முகநூலிலிருந்து நீக்கிவிட்டேன். இரண்டையும் ஒரே தோட்டத்தில், ஒரே நேரத்தில், ஒரே தூரத்தில் நின்று திரும்பப் படம் பிடித்தேன். எல்லாப் படத்திலும் இடப்பக்கம் ஸ்பிரிங்லர், வலப்பக்கம் சொட்டுநீர். ஒரு படத்துக்கு ஒரே கேள்வி, இரு பக்கத்துக்கும் ஒரே அளவு எழுத்து. விலை, கால் ஏக்கருக்கு எல்லாச் சாமானும் சேர்த்து. காற்றில் ஸ்பிரிங்லர் தண்ணீர் சிதறும் என்று எழுதினேன். சொட்டுநீர்த் துளைகள் அடைபடும், வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும் என்றும் எழுதினேன். கடைசிப் படத்தில் எது நல்லது என்று சொல்லவில்லை, எந்தக் காணிக்கு எது பொருந்தும் என்று மட்டும் போட்டேன்.

நானா பலமுறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். காற்றைப் பற்றிய வரியை எடுக்கலாமா என்று கேட்டார்.

“அப்ப அடைப்பையும் எடுக்கோணும் நானா.”

அவர் கல்லாவை இழுத்து மூடினார். “சரி, போடுங்க.”

மிளகாய்க்காரர் திரும்பி வந்து சொட்டுநீர்க் குழாய் வாங்கினார். வடிகட்டியை எப்படிக் கழற்றுவது என்று நின்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்பிரிங்லர்கள் காற்று ஓயும் வரை கடையிலேயே கிடந்தன. அதுவும் என்னை இருக்க விடவில்லை. ஒவ்வொரு கிழமையும் ஒன்றாவது விற்றுப் போயிற்றா என்று அலுமாரியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.